வாரம் ஒருமுறை வயலுக்குப் போகும் ட்ரோன்: பறக்கும் முன்னும் பின்னும், அறிகுறி வாரியாக

இந்த வழிமுறை ஒரு குறிப்பிட்ட வகை ட்ரோனை மனதில் வைத்து எழுதியது. நான்கு மோட்டார், நான்கு செல் கொண்ட 4S லிப்போ பேட்டரி, பறப்பைக் கட்டுப்படுத்தும் ஆர்டுபைலட் ஃபர்ம்வேர், அடியில் ஒரு சின்ன கேமரா, எல்லாம் சேர்த்து 2 கிலோவுக்குள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் இது மைக்ரோ வகை. வாரத்தில் ஒரு நாள் அதே நெல் வயலுக்குப் போய், அதே உயரத்தில், அதே கோடுகளில் பறந்து படம் எடுத்து வருவதுதான் இதன் வேலை. மற்ற ஆறு நாளும் பெட்டியில் கிடக்கும்.

சிக்கலே அந்த ஆறு நாளில்தான். தினமும் பறக்கவிடுபவருக்கு நேற்றைய சத்தம் காதில் இருக்கும். இன்று வித்தியாசமாக இரைந்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறப்பவருக்கு அந்த நினைவு இருக்காது. அதனால் நினைவை, ட்ரோன் தானே பதிவு செய்யும் லாக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சின்ன பழக்கம் போதும்: ஒவ்வொரு வாரமும் மேப்பிங்கைத் தொடங்கும் முன், 5 மீட்டர் உயரத்தில் ட்ரோனை 30 நொடி அசையாமல் நிறுத்துங்கள். காற்று எழும்பாத காலை நேரமாக இருந்தால் நல்லது. கீழே சொல்லப்போகும் பாதி நோய்களை இந்த 30 நொடித் துண்டை வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம்.

அறிகுறி: ஆர்ம் ஆக, அதாவது மோட்டாரைச் சுற்றத் தயாராக, மறுக்கிறது, காம்பஸைக் குறை சொல்கிறது

```
PreArm: Compasses inconsistent
PreArm: Check mag field
```

முதலில் ட்ரோன் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். வயல் பக்கத்தில் சமமாகவும் காய்ந்தும் இருக்கிற இடம் தேடினால் கிடைப்பது மதகு, சிறு பாலம், நெல் காயப்போடும் களம், பம்ப்செட் கொட்டகை வாசல். பெரும்பாலும் இவற்றின் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி ஓடும். பைக்கை ஒட்டி வைத்தாலும் இதே கதைதான்.

பேட்டரியைக் கழற்றி, ஒரு 10 மீட்டர் தள்ளி மண் தரையில் ரப்பர் பாய் விரித்து, மறுபடி மாட்டுங்கள். செய்தி மறைந்துவிட்டால் அது இடத்தின் கோளாறு, ட்ரோனில் ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் பலரும் செய்வது, மதகின் மேலேயே நின்று காம்பஸ் காலிப்ரேஷன் செய்வது. கம்பியின் காந்தப்புலத்தையும் சேர்த்துச் சரி என்று அது பதிவு செய்துகொள்ளும். அங்கே ஆர்ம் ஆகும், மேலே ஏறியதும் தடுமாறும். இது செய்தி வருவதைவிட மோசம்.

இடம் மாற்றியும் செய்தி போகவில்லை என்றால், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இடையில் எது மாறியது என்று பாருங்கள். ஜிபிஎஸ் தண்டு பெட்டியில் மாட்டி வளைந்திருக்கலாம். பேட்டரி ஒயர் இடம் மாறி காம்பஸ் அருகே வந்திருக்கலாம். காந்த முனை ஸ்க்ரூடிரைவரை அதே பெட்டியில் போட்டிருக்கலாம். காரணத்தை நீக்கிய பிறகு, வெட்டவெளியில், சட்டைப்பையில் போன் இல்லாமல் காலிப்ரேஷன் செய்யுங்கள்.

`ARMING_CHECK` மதிப்பை 0 ஆக்கினால் எல்லாச் செய்தியும் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலானவை போய்விடும், உண்மைதான். நோய் அப்படியே இருக்கும்.

அறிகுறி: ஜிபிஎஸ் வெகுநேரம் பிடிக்கவில்லை

```
PreArm: High GPS HDOP
PreArm: Need Position Estimate
```

வாரம் ஒருமுறை பறக்கும் ட்ரோனில் சில நிமிடத் தாமதம் கோளாறு அல்ல. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எந்தப் பாதையில் போகிறது என்ற விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்பும். அந்த விவரம் சில மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஆறு நாள் பெட்டியில் கிடந்த ரிசீவர் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே வயலில் வேலையின் வரிசையை இப்படி மாற்றுங்கள்: புரொப்பெல்லர், மோட்டார், கேமரா ஆகியவற்றைப் பார்த்து முடித்ததும் பேட்டரியை மாட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அது செயற்கைக்கோள்களைத் தேடும் நேரத்தில் நீங்கள் மின்கம்பி, தென்னை, வேலை செய்யும் ஆட்கள் எங்கே என்று ஒரு சுற்று பாருங்கள்.

நல்ல வெட்டவெளியில் பத்து நிமிடம் கடந்தும் பிடிக்கவில்லை என்றால் கேமராவையும் வீடியோ டிரான்ஸ்மிட்டரையும் அணைத்துப் பாருங்கள். அணைத்த உடனே செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை ஏறினால், அவற்றின் இரைச்சல் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் இடையே தூரம் கூட்ட வேண்டும்.

பிடித்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஆர்ம் செய்ததும் வரைபடத்தில் ஹோம் குறி நீங்கள் நிற்கும் வரப்பில்தான் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ட்ரோன் தானாக ஹோமுக்குத் திரும்பும் `RTL` முறையில் எந்த உயரத்தில் வரும் என்பதைச் சொல்லும் `RTL_ALT` எவ்வளவு என்றும் பாருங்கள். சென்டிமீட்டரில் இருக்கும், தொழிற்சாலை மதிப்பு 1500, அதாவது 15 மீட்டர். வளர்ந்த தென்னை இதைவிட உயரம். மேப்பிங் உயரமான 50 மீட்டரில் இருக்கும்போது திரும்பினால் அந்த உயரத்திலேயே வந்துவிடும், ஆபத்தில்லை. தாழப் பறந்து ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரேடியோ அறுந்தால்தான் 15 மீட்டரில் தோப்புக்குள் நேராகப் புகும். மரம் உள்ள ஊரில் 3500க்குக் குறைவாக வைக்காதீர்கள்.

அறிகுறி: ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடிக்கிறது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது

இது காற்று அல்ல. காற்று ஒரு பக்கமாகத் தள்ளும், ட்ரோன் திரும்பி வரும். வட்டம் விரிந்துகொண்டே போனால் காம்பஸ் காட்டும் திசையும் உண்மையான திசையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இடப்பக்கம் நகர்ந்துவிட்டோம் என்று நினைத்து வலப்பக்கம் போக முயலும். ஆனால் அது வலம் என்று நினைக்கும் திசை வேறு.

உடனே `AltHold` முறைக்கு மாறுங்கள். அது இருப்பிடத்தைப் பயன்படுத்தாது, உயரத்தை மட்டும் பிடிக்கும். கையால் ஓட்டி இறக்குங்கள். `RTL` அழுத்தாதீர்கள், அதுவும் அதே தப்பான திசையை நம்பித்தான் வரும். இப்படி ஒரு நாள் வரும் என்பதற்காகவே வயலுக்குப் போகிறவர் `AltHold`-இல் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.

மாலையில் லாக்கில் காந்தப்புலத்தின் அளவையும் திராட்டிலையும் ஒன்றாக வரையுங்கள். திராட்டில் ஏறும்போதெல்லாம் காந்தப்புலமும் சேர்ந்து ஏறினால், மோட்டார் ஒயர்களின் மின்னோட்டம் காம்பஸைக் கெடுக்கிறது. 10 முதல் 20 சதவீதம் வரை ஆடுவது பரவாயில்லை. 30க்கு மேல் போனால் ஜிபிஎஸ் தண்டை உயர்த்துங்கள், பேட்டரி ஒயர்களை முறுக்கிக் கட்டுங்கள்.

அறிகுறி: ஏறும்போதே வோல்ட் சரிகிறது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்புகிறது

இங்கே முதல் கேள்வி, எல்லா பேட்டரியிலும் இப்படியா, ஒன்றில் மட்டுமா? பேட்டரிகளில் எண் எழுதி வைத்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். மார்க்கரால் எழுதினாலே போதும்.

எல்லா பேட்டரியிலும் என்றால் பேட்டரிகளை விட்டுவிடுங்கள். இறங்கியவுடன் ட்ரோன் பக்கத்து XT60 கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். ஒயரைவிட அது சூடாக இருந்தால் முள் தளர்ந்திருக்கிறது அல்லது சால்டர் விட்டிருக்கிறது.

ஒன்றில் மட்டும் என்றால் 30 நொடித் துண்டு உதவும். தரையில் நிற்கும்போது இருந்த வோல்ட்டிலிருந்து மேலே நிற்கும்போது எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, அதை ஆம்பியரால் வகுங்கள். ஒரு உதாரணம்: தரையில் 16.7, மேலே 15.9, மின்னோட்டம் 18 ஆம்பியர். இறக்கம் 0.8 வோல்ட், வகுத்தால் சுமார் 44 மில்லிஓம். இதே ட்ரோனில் 3ஆம் எண் பேட்டரியை மாட்டினால் 16.7லிருந்து 15.1க்கு இறங்குகிறது. அது சுமார் 89 மில்லிஓம், இரண்டு மடங்கு. சார்ஜரில் முழுசாக ஏறியதாகக் காட்டினாலும் அந்த பேட்டரி வயல் வேலைக்கு ஆகாது. பேட்டரி புதிதாக வந்தபோது இருந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தால், அது ஒன்றரை மடங்கு ஆகும்போதே தூரப் பறப்பிலிருந்து ஒதுக்கிவிடலாம். உப்பிய பேட்டரிக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, அதை மாட்டவே கூடாது.

வாரம் ஒருமுறை வேலையில் பேட்டரியைக் கொல்வது பறப்பைவிட மழை. வெள்ளி இரவு எல்லாவற்றையும் 16.8 வரை ஏற்றி வைக்கிறோம். சனி காலை மழை, போகவில்லை. அடுத்த சனி வரை அவை முழு சார்ஜிலேயே ஒரு சூடான அறையில் கிடக்கின்றன. லிப்போ உப்புவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பயணம் ரத்தானால் மறுநாளுக்குள் சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் போட்டு, ஒரு செல்லுக்கு 3.80 முதல் 3.85, அதாவது மொத்தம் 15.2 முதல் 15.4 வோல்ட்டுக்கு இறக்கிவிடுங்கள். பறந்து முடித்த பேட்டரிகளுக்கும் அதே அளவுதான். காலியாகவும் விடக் கூடாது. வெயிலில் பறந்து வந்ததைச் சூடு ஆறிய பிறகே சார்ஜரில் மாட்ட வேண்டும்.

அறிகுறி: சத்தம் மாறியிருக்கிறது, அல்லது ஒரு மோட்டார் மட்டும் சுடுகிறது

இதற்குத்தான் அதிக இடம் தர வேண்டியிருக்கிறது. ட்ரோன் விழுவதற்கு முன் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும் கோளாறு இது.

பறக்கும் முன் பேட்டரி மாட்டாமல் செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு புரொப்பெல்லரின் முன் விளிம்பிலும் நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு நகத்தில் சிக்கும். நடுக்குடம் அருகே லேசாக வளைத்து, வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் விரிசல் விடுவதற்கு முன் அப்படித்தான் வெளுக்கும். பிறகு நான்கு மோட்டாரையும் கையால் சுற்றுங்கள். தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, நான்கையும் அடுத்தடுத்துச் சுற்றினால்தான் வேறுபாடு தெரியும். நறநறவென்றால் உள்ளே மணல் அல்லது தேய்ந்த பேரிங். செம்மண் தரையில் இறங்கும் ட்ரோன்களில் மோட்டார் காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, ஒட்டும் களிமண் உருண்டையால் ஒற்றி எடுக்க வேண்டும். மேல் பாகத்தைப் பிடித்து மேலே இழுத்தும் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது.

பறந்த பின், இறங்கி டிஸ்ஆர்ம் ஆகி, பேட்டரியைக் கழற்றியதும் நான்கு மோட்டாரையும் தொடுங்கள். நான்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். இதை அரை நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு வந்து தொட்டால் எல்லாம் ஆறியிருக்கும்.

மாலையில் லாக்கைத் திறந்து, 30 நொடித் துண்டில் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில், அதிர்வைக் காட்டும் `VIBE` செய்தியில் உள்ள `VibeX`, `VibeY`, `VibeZ`. 30க்குக் கீழே இருந்தால் சரி. 60ஐத் தாண்டினால் உயரத்தையோ இடத்தையோ பிடிப்பதில் நிச்சயம் தொல்லை வரும். போன மாதம் 12 இருந்தது இந்த வாரம் 22 என்றால், 30க்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். புரொப்பெல்லரை மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அது.

இரண்டாவது, `RCOU` செய்தியில் `C1` முதல் `C4` வரை. ஃபர்ம்வேர் ஒவ்வொரு மோட்டாருக்கும் எவ்வளவு வேலை கொடுக்கிறது என்பதை இவை காட்டும். X வடிவ நான்கு மோட்டாரில் 1 முன் வலம், 2 பின் இடம், 3 முன் இடம், 4 பின் வலம். 1ம் 2ம் கடிகார எதிர்த்திசை, 3ம் 4ம் கடிகாரத் திசை. இந்த எண்கள் விலகும் விதத்திலேயே காரணம் இருக்கிறது:

- ஒன்று மட்டும் உயர்ந்தால் அந்த மோட்டார், அதன் புரொப்பெல்லர், அல்லது அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி.
- முன் இரண்டும் (1, 3) சேர்ந்து உயர்ந்தால் எடை முன்பக்கம் நகர்ந்துவிட்டது. பேட்டரி பட்டையை வேறு இடத்தில் கட்டியிருப்பீர்கள்.
- ஒரே திசையில் சுற்றும் இரண்டு (1, 2 அல்லது 3, 4) சேர்ந்து உயர்ந்தால் ஏதோ ஒரு மோட்டார் நேராக நிற்கவில்லை.

மூன்றாவது வகைதான் பலரையும் குழப்பும். தஞ்சைப் பக்கம் ஒரு நண்பரின் ட்ரோனில் நடந்ததைச் சொல்கிறேன். நடவு முடிந்த வாரங்களில் எண்கள் நான்கும் 1500ஐ ஒட்டி, பத்துப் பதினைந்து வித்தியாசத்தில் இருந்தன. பிறகு ஒரு வாரம் துண்டு இப்படி வந்தது:

```
C1 1541   C2 1546
C3 1458   C4 1463
```

1ம் 2ம் மோட்டார்கள்தான் சூடு. அவர் அந்த இரண்டு மோட்டாருக்கும் பேரிங் மாற்றினார். எண்கள் இம்மியும் அசையவில்லை. அசையாதுதான், குறுக்கே எதிரெதிராக உள்ள இரண்டு மோட்டார் ஒரே வாரத்தில் ஒரே அளவு கெடுவது நடக்காத காரியம். கடிகார எதிர்த்திசையில் சுற்றும் புரொப்பெல்லர்கள் உடலைக் கடிகாரத் திசையில் திருப்பும். அவை இரண்டையும் ஃபர்ம்வேர் அதிகம் ஓட்டுகிறது என்றால், வேறு ஏதோ ஒன்று உடலை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இருக்கிறது, ஃபர்ம்வேர் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

அவருடையது உருண்டையான கார்பன் குழாய்க் கைகள் கொண்ட சட்டம். தட்டையான மேசையில் வைத்து, நான்கு மோட்டார் தலையிலும் சின்ன ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது 3ஆம் மோட்டார் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வரப்பில் ஒரு முரட்டு இறக்கத்தில் கால் இடித்து, கிளாம்புக்குள் குழாய் சுழன்றுவிட்டது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த 3ஆம் மோட்டார்தான் குற்றவாளி. சூடான 1ம் 2ம் அதற்காக உழைத்தவை. குழாயைத் திருப்பி மட்டம் பார்த்து இறுக்கியதும் எண்கள் பழைய இடத்துக்கு வந்தன.

இதற்குப் பிறகு அவர் செய்தது எல்லாக் குழாய்ச் சட்டத்துக்கும் பொருந்தும். கிளாம்பையும் குழாயையும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். கோடு உடைந்திருந்தால் குழாய் சுழன்றிருக்கிறது. அதைப் பார்க்க லாக் வேண்டாம், பறக்கும் முன் ஒரு பார்வை போதும்.

அறிகுறி: படங்கள் குறைகின்றன, அல்லது மங்கலாக இருக்கின்றன

இதை வீட்டில் கண்டுபிடித்தால் ஒரு வாரம் போச்சு. பயிரின் அந்த வாரம் திரும்ப வராது. அதனால் வயலை விட்டுக் கிளம்பும் முன், கார்டில் உள்ள படங்களின் எண்ணிக்கையை லாக்கில் உள்ள `CAM` பதிவுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். லாக்கில் 312, கார்டில் 309 என்றால் மூன்று முறை கேமரா கட்டளையைத் தவறவிட்டிருக்கிறது. ஒவ்வொரு கோட்டின் கடைசியிலும் ஒன்று போயிருந்தால் சமாளிக்கலாம். நடுவில் தொடர்ந்து மூன்று போயிருந்தால் அந்தக் கோட்டை மட்டும் மறுபடி பறங்கள். பெரும்பாலும் காரணம் மெதுவான கார்டு, அல்லது கேமராவால் முடிந்ததைவிட வேகமாக எடுக்கச் சொல்வது.

மங்கலுக்குக் கணக்கு எளிது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 1/500 ஷட்டர் என்றால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ட்ரோன் 1 சென்டிமீட்டர் நகரும். ஒரு பிக்சல் தரையில் 2 சென்டிமீட்டர் என்றால் அது தெரியாது. மேகமூட்டத்தில் கேமரா தானாக 1/100க்குப் போய்விட்டால் 5 சென்டிமீட்டர், இரண்டரை பிக்சல். ஷட்டரை 1/800 அல்லது 1/1000இல் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் தானாக விடுங்கள். ஷட்டர் பூட்டியும் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் லென்ஸில் பனி. விடியற்காலையில் ஏசி காரிலிருந்து எடுத்த கேமராவுக்கு இது வரும். பத்து நிமிடம் வெளியே வைத்தால் போய்விடும்.

மாலை வேலை, வரிசையாக

வீட்டுக்கு வந்ததும் லாக்கையும் படங்களையும் முதலில் இறக்குங்கள். பெயரில் தேதியும் பேட்டரி எண்ணும் இருக்கட்டும். பேட்டரிகள் ஆறியதும் ஸ்டோரேஜ் முறையில் போடுங்கள். அது ஓடும்போது 30 நொடித் துண்டிலிருந்து ஐந்து எண்களை நோட்டில் எழுதுங்கள்: மிக அதிகமான `VIBE`, `C1` முதல் `C4` வரை. பேட்டரி எண்ணுக்கு எதிரே மில்லிஓம். ஈரத் துணியால் கால்களிலுள்ள சேற்றைத் துடைத்து, மோட்டார்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கார்டைக் காலி செய்து கேமராவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த வாரம் மேசையில் மறந்துவிட்டுப் போகும் பொருள்களில் முதல் இடம் அந்தக் கார்டுக்குத்தான்.

எண்களில் ஏதாவது நகர்ந்திருந்தால் அன்றே பழுது பாருங்கள், அல்லது ட்ரோன் மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டுங்கள். டேப் இருக்கும் ட்ரோனைச் சரிபார்க்காமல் வண்டியில் ஏற்றக் கூடாது. பழுது பார்த்த பின் முதல் பறப்பு வயலின் மேல் வேண்டாம். வெற்றுத் தரையில் 30 நொடி நிறுத்தி, இறக்கி, மறுபடி எண்களைப் படித்த பிறகு டேப்பை உரிக்கலாம்.